பழைய சோறு, தயிர், ஊறுகாய்: உயிருள்ள பாக்டீரியா எதில்?

"தினமும் மோர்க்குழம்பு, ஆவக்காய் ஊறுகாய், சூடு பண்ணின பழைய சோறு சாப்பிடுறேன். நல்ல பாக்டீரியா போதுமா?"

மூன்றிலும் ஏறக்குறைய இல்லைங்க. மோர்க்குழம்பு கொதித்ததும் தயிரிலிருந்த லாக்டிக் பாக்டீரியா செத்துவிடும். இட்லியும் அப்படித்தான்; மாவில் உயிரோடு இருப்பது ஆவியில் போய்விடும். ஆவக்காயில் உப்பும் எண்ணெயும் மிக அதிகம். அது கெடாமல் இருப்பதற்கான காரணமே பாக்டீரியா பெருக முடியாததுதான்.

பழைய சோற்றில் இருப்பதும் சூடு பண்ணினால் செத்துவிடும்; அதை மட்டும் மாற்றுங்கள், பலன் உண்டு. சோறு வடித்து ஆறியதும், ஒரு மணி நேரத்துக்குள், மூழ்கி இரண்டு விரல்கடை மேலே நிற்கும்படி தண்ணீர் ஊற்றி மூடுங்கள். சூட்டோடு ஊற்றினால் வெதுவெதுப்பு வெகுநேரம் நிற்கும்; சோற்றில் தப்பியிருக்கும் வேறு கிருமிகளுக்கு அதுதான் வாய்ப்பு. மதியச் சோற்றை ராத்திரி வரை வெளியே வைத்துவிட்டு ஊற்றுவதும் இதே காரணத்தால் ஆபத்து. நம்மூர் வெக்கைக்கு 8 முதல் 10 மணி நேரம் ஊறினால் போதும்.

காலையில் நீராகாரம் லேசாகக் கலங்கி, மெல்லிய புளிப்பு வாசம் வர வேண்டும். பருக்கையை விரலால் எடுத்தால் நூல் போல இழுத்தாலோ, அழுகல் நாற்றம் அடித்தாலோ கொட்டிவிடுங்கள். உப்பைச் சாப்பிடும்போதுதான் போடுங்கள், சூடு வேண்டாம். இரண்டு கரண்டி வீட்டுத் தயிரைக் கரைத்தால் இன்னும் நிச்சயம்: நீராகாரத்தில் எது வளரும் என்பது வீட்டுக்கு வீடு மாறும், உறைமோர் போட்ட தயிரில் லாக்டிக் பாக்டீரியா உறுதி.