2.30 என்றால் இரண்டரை மணி. கணினிக்கு அது தெரியாது

"ஓவர்டைம் ஏட்டை ஸ்கேன் செய்து எக்செலில் ஏற்றித் தந்தார்கள். 2 மணி 30 நிமிடம் 2.30 என்று வந்திருக்கிறது. கூட்டிச் சம்பளம் போட்டால் குறைகிறது என்று தையல்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள். என்ன செய்வது?"
– ஒரு வாசகி, திருப்பூர்

சண்டைக்கு வருபவர்கள் சொல்வதுதான் சரி. நாம் மணிக்கும் நிமிடத்துக்கும் நடுவே புள்ளி வைத்து எழுதிப் பழகியவர்கள். எக்செலுக்கு அந்தப் புள்ளி தசமப் புள்ளி. 2.30 என்றால் அது 2 மணி 18 நிமிடம் என்றுதான் கணக்குப் போடும். நிமிடத்தை 60-ஆல் வகுத்து மணியோடு சேர்க்க வேண்டும்: 30/60 = 0.5, ஆக 2.5 மணி.

ஒரு தையல்காரரின் ஒரு வார ஓவர்டைம் 2.30, 1.45, 3.15, 2.50, 1.40 என்று வைத்துக்கொள்வோம். அப்படியே கூட்டினால் 10.80. உண்மையில் மணிகள் மட்டும் 9, நிமிடங்கள் 180, அதாவது இன்னும் 3 மணி. மொத்தம் 12. ஓவர்டைம் மணிக்கு 150 ரூபாய் என்றால் அவருக்கு 180 ரூபாய் நஷ்டம். இந்தப் பிழை எப்போதும் தொழிலாளியின் பையிலிருந்துதான் எடுக்கும், ஒரு நாளும் முதலாளியிடமிருந்து எடுக்காது. அதனால்தான் அலுவலகத்தில் யாருக்கும் கண்ணில் படுவதில்லை.

A2-இல் 2.30 இருந்தால் பக்கத்துக் கட்டத்தில் இதைப் போட்டுக் கீழே இழுங்கள்:

```
=INT(A2)+ROUND(MOD(A2,1)*100,0)/60
```

முழு எண்ணை மணியாகவும், புள்ளிக்குப் பின்னால் உள்ளதை நிமிடமாகவும் இது பிரித்துக்கொள்ளும்.

ஒரு இடத்தில் மட்டும் இது ஏமாற்றும். எக்செல் கடைசிப் பூஜ்யத்தை விழுங்கிவிடும், ஏட்டில் 2.50 என்று இருந்தது திரையில் 2.5 ஆகிவிடும். சூத்திரம் அதை 50 நிமிடமாக எடுத்துக்கொள்வது சரிதான். ஆனால் சில சூப்பர்வைசர்கள் 2 மணி 5 நிமிடத்தையும் 2.5 என்றே எழுதுவார்கள். இரண்டரை மணியை 2.5 என்று எழுதுபவர்களும் உண்டு. மூன்றும் திரையில் ஒரே மாதிரி நிற்கும். அதனால் புள்ளிக்குப் பின் ஒரே இலக்கம் உள்ள ஒவ்வொரு வரியையும் ஸ்கேன் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். படத்திலும் 2.5 என்றே இருந்தால் எழுதியவரைக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. அப்புறம், 2.75 போல 60-க்கு மேல் ஏதாவது கண்ணில் பட்டால் அதை எழுதியவர் ஏற்கெனவே தசமத்தில் எழுதியிருக்கிறார். அதில் சூத்திரம் போடாதீர்கள்.

பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு ஏட்டை ஏற்றித் தரும் ஏஜென்ட்டுகளிடம் எச்சரிக்கையாக இருங்கள். "எல்லாம் மாற்றியாச்சு மேடம்" என்பார்கள். பெரும்பாலும் மாற்றியது முக்காற்புள்ளியைப் புள்ளியாக மட்டும்தான். ஸ்கேன் படங்களைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். சம்பள மென்பொருள்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை: கட்டத்துக்கு மேலே 'மணி' என்று மட்டும் போட்டுவிட்டு, தசமத்தில் கேட்கிறோம் என்பதை எங்கேயும் சொல்வதில்லை.

அடுத்த மாத ஏட்டில் மணிக்கு ஒரு கட்டம், நிமிடத்துக்கு ஒரு கட்டம் தனித்தனியாக அச்சடிக்கச் சொல்லுங்கள். அப்போது =A2+B2/60 போதும்.