குழுக் கடனில் மற்றவர் தவணையை ஏன் கட்டுகிறார்கள்?

கேள்வி: நகையும் இல்லை, பத்திரமும் இல்லை. அஞ்சு பேரைக் குழுவாச் சேர்த்துக் கடன் கொடுக்கறாங்க. ஒருத்தர் கட்டலைன்னா மத்தவங்க ஏன் கட்டணும்? அப்படியும் பணம் வசூல் ஆகுதே, எப்படி?

கட்டுவது லாபமாக இருக்கும்வரை கட்டுவார்கள். அந்த எல்லை எங்கே இருக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஐந்து பெண்கள், ஆளுக்கு 30,000 ரூபாய், குறையும் அசலுக்கு ஆண்டுக்கு 24 சதவீத வட்டி, 52 வாரத் தவணை என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு வாரம் 650 ரூபாய் வரும். ஆண்டு முடிவில் வட்டியாகப் போனது சுமார் 3,800. இதே தொகையை வெளியில் ஐந்து வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய்க்கு வாங்கி, இதே மாதிரி வாரம் வாரம் அடைத்தால் சுமார் 10,000 வட்டி ஆகும். ஆக, அடுத்த ஆண்டும் குழுக் கடன் கிடைப்பதன் மதிப்பு ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ 6,200 ரூபாய். பாக்கி இருந்தால் குழுவில் யாருக்கும் அடுத்த கடன் இல்லை. பத்திரம் இருக்க வேண்டிய இடத்தில் இருப்பது இந்த 6,200தான்.

இப்போது ஒருவர் பாதி ஆண்டில் நின்றுவிட்டார். மீதி 26 வாரத்துக்கு அவருடைய 650ஐ நால்வரும் பங்கு போட்டால் ஆளுக்கு வாரம் 162.50, மொத்தம் 4,225. வலிக்கும், ஆனால் 6,200க்குக் கீழே. முணுமுணுத்துக்கொண்டே கட்டிவிடுவார்கள்.

இருவர் நின்றால்? மூவர் சுமக்க வேண்டும். ஆளுக்கு வாரம் 433, மொத்தம் 11,000க்கு மேல். அடுத்த கடனே வேண்டாம் என்று விடுவதுதான் மலிவு. இங்கேதான் கூட்டுப் பொறுப்பு தலைகீழாகத் திரும்புகிறது: தன் தவணையைக் கட்டக்கூடியவரும், எப்படியும் அடுத்த கடன் வரப்போவதில்லை என்று தெரிந்ததும் தன்னுடையதையும் நிறுத்திவிடுவார். தனிக் கடனாக இருந்திருந்தால் மூன்று பேர் பணமாவது வந்திருக்கும். டிமோதி பெஸ்லியும் ஸ்டீபன் கோட்டும் 1995இல் எழுதிய ஆய்வின் சாரம் இதுதான். அக்கம்பக்கத்துப் பேச்சுக்கு அஞ்சுவது இந்த எல்லையைக் கொஞ்சம் தள்ளிவைக்கும், அழித்துவிடாது.

ஆனால் அந்த 4,225இன் பெரிய வேலை கடன் வாங்குவதற்கு முன்பே நடக்கிறது. தன் பையிலிருந்து போகும் என்று தெரிந்த பெண், யாரைக் குழுவில் சேர்ப்பது என்று பார்த்துத்தான் சேர்ப்பார். எந்த வீட்டில் குடி, யார் ஏற்கெனவே மூன்று இடத்தில் வாங்கியிருக்கிறார், யாருடைய மாடு பால் வற்றிப் போயிற்று என்பதெல்லாம் தெருவுக்குத் தெரியும். கிளை ஊழியருக்குத் தெரியாது. அவர் இதை விசாரித்துத் தெரிந்துகொள்ளப் பத்து நடை நடக்க வேண்டும். கடன் கொடுத்த பிறகும் அப்படித்தான்: தையல் மெஷின் வாங்குகிறேன் என்றவர் கல்யாணச் செலவு செய்தால் முதலில் கேட்பது பக்கத்து வீடு.

வங்கதேசத்தின் கிராமீன் வங்கி இதை நேரத்தோடும் பிணைத்தது. ஐவரில் முதலில் இருவருக்குக் கடன், சில வாரங்கள் ஒழுங்காகக் கட்டினால் அடுத்த இருவருக்கு, கடைசியில் தலைவிக்கு. நெருங்கிய உறவினர் ஒரே குழுவில் கூடாது. மாமியாரும் மருமகளும் சேர்ந்தால் ஒரு வீட்டு நோய் இரண்டு தவணையை விழுங்கும். மேலே போட்ட கணக்கில் இரண்டு என்றால் என்ன ஆகும் என்று பார்த்தோம்.

ஊருக்கே அடி விழுந்தால் யாரும் யாருக்கும் தாங்க முடியாது. 1998 வெள்ளத்துக்குப் பின் கிராமீனில் வசூல் தடுமாறியது. அடுத்த சில ஆண்டுகளில் அது தன் கடன் முறையையே மாற்றியமைத்தபோது கூட்டுப் பொறுப்பைக் கைவிட்டது. ஆந்திரத்தில் 2010 அக்டோபரில் சிறுகடன் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் அவசரச் சட்டம் வந்ததும், நிறுவனங்கள் அடுத்த கடன் தரும் என்ற நம்பிக்கையே போயிற்று. வசூல் சரிந்தது.

களத்தில் கவனிக்க வேண்டிய அறிகுறி ஒன்று உண்டு. ஐந்து பேர் தவணையையும் தலைவியே ஒரே கட்டாகக் கொண்டுவந்து தந்து, மற்றவர்கள் கூட்டத்துக்கு வராமல் இருந்தால், பெரும்பாலும் ஐந்து பேர் பெயரில் ஒருவரே வாங்கியிருப்பார். ஏட்டில் ஐவர், நிஜத்தில் 1,50,000 ரூபாய்த் தனிக் கடன். அது நின்றால் 3,250 ரூபாயும் ஒரே வாரத்தில் நிற்கும்.

அப்படியானால் வசூலுக்குக் காரணம் முழுக்கக் கூட்டுப் பொறுப்புதானா? பிலிப்பைன்ஸில் சேவியர் ஜினேயும் டீன் கார்லனும் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த குழுக்கள் சிலவற்றில் அந்தப் பொறுப்பை மட்டும் நீக்கிப் பார்த்தார்கள். வாராந்தரக் கூட்டம் அப்படியே தொடர்ந்தது. கட்டாமல் விட்டவர்களின் எண்ணிக்கை அதிகரிக்கவில்லை. அந்தக் குழுக்களில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் வேலை முன்பே முடிந்திருந்தது என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.