முதல் போல்ட்டுக்கும் ஸ்பேட்டுக்கும் நடுவில்: பைப்லைன் பிரிப்பது பற்றிக் கேள்வி பதில்

சுத்திகரிப்பு ஆலை ஷட்டவுன்களில் ஃபிட்டராகத் தொடங்கி, பிறகு பர்மிட் கொடுக்கும் பொறுப்புக்கு வந்தவன் நான். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுற்றியே இருந்தன. லைனை அடைக்க இரண்டு ஃபிளேன்ஜ் முகங்களுக்கு நடுவில் செருகும் இரும்புத் தகடுதான் ஸ்பேட், பிளைண்ட் என்றும் சொல்வோம். அது உள்ளே போன பிறகு ஆள் பத்திரம்தான். அது உள்ளே போகும் வரையில் அவரைக் காப்பது எது? அதையே நூலாகப் பிடித்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

"சார், ரெண்டு வால்வை மூடி நடுவுல பிளீடரைத் திறந்து வைச்சாச்சு. பிளீடர்ல ஒரு சொட்டுகூட வரலை. இதுக்கு மேல பிளைண்ட் எதுக்கு?" (வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆன பொறியாளர்)

பாதி சரி, தம்பி. ஒரு ஃபிளேன்ஜைத் திறந்து ஸ்பேட் போட்டு மூட ஒரு மணி நேரம் ஆகும் என்றால், அந்த ஒரு மணி நேரத்துக்கு நீங்கள் சொல்வது நல்ல ஏற்பாடு. ஸ்பேட்டையே அப்படித்தான் போடுகிறோம்.

ஆனால் ஒரு கலனுக்குள் ஆள் இறங்கி நாலு நாள் வேலை செய்யும்போது, பிளீடரில் காலையில் சொட்டு வரவில்லை என்பது மாலைக்குச் செல்லாது. சீட்டில் ஒட்டியிருந்த துரு கழன்றால், மூடிய வால்வும் உள்ளே கசியும், பாஸ் ஆகிறது என்போம். பிளீடரில் கசடு அடைத்துக்கொண்டாலும் சொட்டு வராது, வால்வு நன்றாகப் பிடிக்கிறது என்றே தோன்றும். இரண்டையும் விடப் பெரிய சிக்கல், வால்வு என்பது திறப்பதற்காகச் செய்த பொருள். 1989 அக்டோபர் 23 அன்று அமெரிக்காவின் டெக்சாஸில், பாசடீனாவில் இருந்த பிலிப்ஸ் பாலிஎத்திலீன் ஆலையில் நடந்தது இதுதான். ரியாக்டரின் கீழ்க்காலில் அடைப்பை எடுக்கும்போது, உள்ளே இருந்த வாயுவைத் தடுத்து நின்றது காற்றழுத்தத்தில் இயங்கும் ஒரே ஒரு பால் வால்வு. அதன் காற்றுக் குழாய்கள் மாற்றி இணைக்கப்பட்டிருந்தன. மூடச் சொன்னால் திறக்கும் நிலை. வால்வு திறந்தது, 23 பேர் இறந்தார்கள். அந்த இடத்தில் பிளைண்ட் ஃபிளேன்ஜோ இரண்டாவது வால்வோ இருக்க வேண்டும் என்பதுதான் அந்த நிறுவனத்தின் சொந்த விதி. அந்த ஆலையின் நடைமுறையில் அது இல்லை. இரும்புத் தகட்டை யாரும் தவறுதலாகத் திறந்துவிட முடியாது.

"அண்ணே, பிளைண்ட் போடறதே பாதுகாப்புக்குத்தானே? பிளைண்ட் போடப் போன இடத்துலயே எனக்கு நாப்தா மேலே அடிச்சது. கேஜ் ஜீரோ காட்டிச்சு, நானே பார்த்தேன்." (காண்ட்ராக்ட் ஃபிட்டர்)

கேஜ் பொய் சொல்லவில்லை, அதற்குத் தெரியும் அளவுக்குத்தான் சொன்னது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு அங்குல லைன், ஃபிளேன்ஜுக்கு மேலே 10 மீட்டர் செங்குத்தாக நிற்கிறது. அதில் நாப்தா நிரம்பியிருந்தால் கிட்டத்தட்ட 185 லிட்டர். கீழே அது கொடுக்கும் அழுத்தம் 0.7 பார்தான். 0 முதல் 25 பார் வரை காட்டும் கேஜில் முள் லேசாக அசைந்தால் உண்டு. பழைய கேஜ் என்றால் அசையவே அசையாது. ஒரு பீப்பாய் நாப்தாவுக்குக் கீழே நின்றுகொண்டு நீங்கள் ஜீரோ படித்திருக்கிறீர்கள்.

அதனால் கேஜை விட ட்ரெயினைத்தான் நான் நம்புவேன், அதுவும் ட்ரெயின் வேலை செய்கிறது என்று நிரூபித்த பிறகு. ட்ரெயினைத் திறந்தவுடன் ஏதாவது வர வேண்டும். எதுவும் வராவிட்டால் லைன் காலி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், ட்ரெயின் அடைத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். எது என்று உறுதியாகும்வரை ஸ்பேனரைத் தொடக் கூடாது. மேலே வென்ட் திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வென்ட் மூடியிருந்தால் கவிழ்த்த பாட்டில் மாதிரி திரவம் இறங்காமல் தொங்கும், ஃபிளேன்ஜைத் திறந்து காற்று உள்ளே போனதும் மொத்தமாக இறங்கும். லைனில் எவ்வளவு இருக்க வேண்டும், எவ்வளவு வெளியே வந்தது என்று ஒப்பிடுவது எளிய சோதனை. 185 லிட்டர் வர வேண்டிய இடத்தில் இரண்டு வாளிதான் வந்தது என்றால் மீதி எங்கே?

இனி பிரிக்கும் விதம். ஆறு அங்குல, 150 கிளாஸ் ஃபிளேன்ஜில் எட்டு போல்ட். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி, இணைப்புக்கு நேர் எதிரே வராமல் ஒதுங்கி நில்லுங்கள். உங்களுக்கு எட்டத்தில், கீழ்ப்பக்கம் இருக்கும் போல்ட்டை முதலில் தளர்த்துங்கள். கிட்டத்தில் இருப்பது கடைசி. நட்டைக் கழற்ற வேண்டாம், இரண்டு மூன்று சுற்று போதும். அப்புறம் ஆப்பு வைத்து முகத்தை லேசாகப் பிரித்துவிட்டுக் காத்திருங்கள். ஏதாவது வந்தால் அந்தப் பக்கம் போகும், நீங்கள் திரும்ப இறுக்கிவிடலாம். எட்டு நட்டையும் கழற்றி வீசியவருக்கு இறுக்க எதுவும் மிச்சம் இருக்காது. ஒன்றும் வரவில்லை என்று தெரிந்த பிறகு மேல்பாதி போல்ட்டுகளை உருவுங்கள். கீழே இருப்பவை தொட்டில் மாதிரி ஸ்பேட்டைத் தாங்கிக்கொள்ளும்.

"அப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்தும் ட்ரெயின் ஆகலைன்னா? புரொடக்‌ஷன்ல நெருக்குவாங்க." (அவரே மீண்டும்)

அப்போது வேலையை நிறுத்தி, யூனிட்டை இறக்கச் சொல்ல வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. 1999 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் மார்ட்டினெஸ் அருகே டாஸ்கோ ஏவான் சுத்திகரிப்பு ஆலையில், குரூட் டவரிலிருந்து வரும் நாப்தா லைனில் சின்ன ஊசித்துளை. 13 நாள் அதைத் தனிமைப்படுத்தவும் வடிக்கவும் முயன்றார்கள். ட்ரெயின்கள் அடைத்திருந்தன, வால்வு பாஸ் ஆனது, டவர் ஓடிக்கொண்டே இருந்தது. அப்படியே 23ஆம் தேதி பைப்பை அறுத்தார்கள். நாப்தா கொட்டி, சூடான டவரில் பட்டுத் தீப்பிடித்தது. நான்கு பேர் இறந்தார்கள். ட்ரெயின் ஆகாததும் வால்வு பிடிக்காததும் 13 நாளும் கண்ணெதிரே இருந்த செய்தி. ஸ்பேட் போடக்கூட முடியாத லைனில் வேறு எந்த வேலையும் செய்ய முடியாது.

"லைன் காலிதானே, அழுத்தமே இல்லை. நாங்க 3 மில்லி தகட்டை வட்டமா வெட்டிப் போட்டுடுவோம். இதுவரை ஒண்ணும் ஆகலை." (ஃபேப்ரிகேஷன் காண்ட்ராக்டர்)

நீங்கள் ஸ்பேட் போடும் நேரத்தில் அழுத்தம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். வால்வு பாஸ் ஆனால் பிறகு வரும், அதற்காகத்தான் ஸ்பேட் போடுகிறோம். பி31.3 கோடில் இருக்கும் சூத்திரம் சின்னதுதான்:

```
t = d × √(3P / 16S) + c
```

t என்பது தகட்டின் கனம், d காஸ்கெட்டின் உள்விட்டம், P அழுத்தம், S தகட்டுக்கு அனுமதித்த இழுவிசை, c அரிப்புக்கான கூடுதல். வெல்டிங் தையல் இல்லாத சாதாரணக் கார்பன் ஸ்டீல் தகடு, d 168 மி.மீ., S 138 மெகாபாஸ்கல், அழுத்தம் 10 பார் என்று வைத்தால் 6.2 மி.மீ. வரும். அரிப்புக்கு 3 சேர்த்தால் 9 மி.மீ.க்கு மேல். உங்கள் 3 மி.மீ. தகட்டைத் திருப்பிக் கணக்குப் போட்டால், அரிப்பே இல்லாத புதுத் தகடாக இருந்தாலும் 2.3 பார்தான் தாங்கும் அளவு. அந்த லைன் முழு 10 பாருக்கு வந்தால் தகட்டின் மேல் விழும் சுமை ஏறக்குறைய இரண்டு டன். தகடு கிண்ணம் மாதிரி உப்பி காஸ்கெட்டிலிருந்து நழுவும். கழற்றி எடுத்த தகடுகளை ஒருமுறை தரையில் வைத்துப் பாருங்கள். ஒன்றாவது வளைந்திருந்தால், அந்த வால்வு எத்தனை நாளாகப் பாஸ் ஆனது என்று யோசியுங்கள்.

இரண்டு பக்கமும் காஸ்கெட் வேண்டும். கைப்பிடி வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், அதில் அளவும் கிளாஸும் பொறித்திருக்க வேண்டும். வெட்டின வட்டத்துக்கு வால் கிடையாது, அதனால் அது உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது.

"பம்புதான் கழட்டப்போறோம். பிரேக்கரைப் பூட்டி டேக் போட்டாச்சு, அது போதாதா?" (எலக்ட்ரிக்கல் மேற்பார்வையாளர்)

மோட்டார் சுற்றாமல் இருக்க அது வேண்டும். பம்புக்குள் இருக்கும் திரவத்துக்குப் பிரேக்கரைப் பூட்டியிருப்பது தெரியாது. சக்‌ஷன், டிஸ்சார்ஜ் இரண்டோடு ஃபிளஷிங் லைன், மினிமம் ஃப்ளோ லைன் எல்லாம் பாருங்கள். எனக்குத் தெரிந்து விட்டுப்போவது எப்போதும் இந்தச் சின்ன லைன்கள்தான்.

"வால்வுக்கு எந்தப் பக்கம் ஸ்பேட் போடணும்? எங்க பி அண்ட் ஐடி டிராயிங்ல ரெண்டு பக்கமும் ஃபிளேன்ஜ் இருக்கு. எடுக்கும்போது சிரமம்னு ஆபரேட்டர் அண்ணன் சொல்றார்." (புராசஸ் பொறியாளர், அவரது முதல் ஷட்டவுன்)

உங்கள் ஆபரேட்டர் சொல்வதைக் கேளுங்கள் அம்மா, அவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. வேலை நடக்கும் கலனின் பக்கம், அதற்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அங்கே போடுங்கள். அப்போது மூடிய வால்வு ஸ்பேட்டுக்கும் லைனுக்கும் நடுவில் இருக்கும், போடும்போதும் எடுக்கும்போதும் அதுதான் உங்கள் காவல்.

அவர் சொல்லும் சிரமம் இதுதான். நாலு நாளில் வால்வு மெதுவாகப் பாஸ் ஆகி, வால்வுக்கும் ஸ்பேட்டுக்கும் நடுவில் இருக்கும் ஒரு சாண் இடத்தில் லைன் அழுத்தம் முழுவதும் வந்து உட்கார்ந்திருக்கும். வேலை முடிந்துவிட்டது என்ற நினைப்பில் ஃபிட்டர் போல்ட்டைத் தளர்த்துவார். அதனால் அந்த இடத்தில் ஒரு பிளீடர் இருக்கிறதா என்று டிராயிங்கில் இப்போதே தேடுங்கள். இல்லையென்றால் ஷட்டவுனுக்கு முன்பே சொல்லிப் போட வையுங்கள். ஸ்பேட்டை எடுப்பதும் ஒரு முதல் பிரிப்புதான்.

"போபாலில் ஸ்லிப் பிளைண்ட் போடாததால்தான் விபத்துன்னு படிச்சேன். சரியா?" (மாணவர்)

அது ஒரு தரப்பு. 1984 டிசம்பர் 2 இரவு குழாய்களைத் தண்ணீர் விட்டுக் கழுவியபோது பிளைண்ட் போடவில்லை என்பது தொழிலாளர் தரப்பில் சொன்னது. அந்த வழியாகத்தான் தண்ணீர் டாங்குக்குப் போனது என்பதை நிறுவனம் ஏற்கவில்லை, யாரோ வேண்டுமென்றே விட்டார்கள் என்றது. அந்த வாதம் இன்றும் தீரவில்லை. பிளைண்ட் இல்லாமல் கழுவியது தவறு என்று சொல்ல அந்த வாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

"போட்ட பிளைண்டை எடுக்க மறந்தா என்ன ஆகும்? லிஸ்ட் இருக்கே." (ஷிஃப்ட் மேற்பார்வையாளர்)

லிஸ்ட்டில் எழுதினதைத்தான் லிஸ்ட் காட்டும். நான் பொறுப்பில் இருந்த ஒரு ஷட்டவுனில், இரவு ஷிஃப்டில் வேறொரு குழு ஒரு ரிலீஃப் வால்வின் வெளிப்பக்கம் கூடுதலாக ஒரு ஸ்பேட் போட்டிருந்தது. லிஸ்ட்டில் ஏறவில்லை. லிஸ்ட்படி எல்லாம் எடுத்தாயிற்று என்று கையெழுத்துப் போட்டது நான். ஸ்டார்ட்டப்புக்கு முந்தின நாள் லைனை நடந்து பார்த்த வயதான ஆபரேட்டர் ஒருவர், வாலைப் பார்த்துச் சொன்னார். அவர் பார்க்காமல் போயிருந்தால் அந்தக் கலனுக்கு அழுத்தம் வெளியேற வழியே இருந்திருக்காது. அதற்குப் பிறகு ஸ்பேட்டுகளை ஸ்டோரிலிருந்து எண்ணிட்டுக் கொடுத்து, எண்ணிட்டுத் திரும்ப வாங்கத் தொடங்கினேன். காகிதத்தை விட, திரும்பி வராத இரும்பு நன்றாக நினைவூட்டும்.

பைப்பர் ஆல்ஃபாவும் இதன் மறுபக்கம்தான். 1988 ஜூலை 6, வட கடல். ரிலீஃப் வால்வைச் சோதனைக்கு எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கசிவைத் தடுக்கும் அளவுக்கு இறுக்காமல் ஒரு பிளைண்ட் ஃபிளேன்ஜ் மாட்டியிருந்தார்கள். அந்தத் தகவல் அடுத்த ஷிஃப்டுக்குப் போய்ச் சேரவில்லை. பம்பை ஓட்டினார்கள். 167 பேர் இறந்தார்கள்.

"முதல் பிரிப்புக்கு எல்லா லைனுக்கும் காற்று முகமூடி கட்டாயமா போடணுமா?" (பாதுகாப்பு அலுவலர்)

ஹைட்ரஜன் சல்ஃபைடு, பென்சீன், அமிலம் வந்த லைன் என்றால் கேள்வியே இல்லை, போட வேண்டும். நீராவி கன்டென்சேட் லைனுக்கும் போடச் சொல்லும் ஆலைகள் உண்டு. முகமூடியோடு பார்வையும் கையும் குறுகுகின்றன, 45 டிகிரி வெயிலில் ஆள் சோர்ந்துபோகிறார், அவசரத்தில் எட்டு நட்டையும் கழற்றுகிறார் என்று எதிர்ப்பவர்களும் அனுபவசாலிகள்தான். நான் இரண்டு பக்கமும் மாறி மாறி நின்றிருக்கிறேன். உங்கள் ஆலையில் எப்படிச் செய்கிறீர்கள், ஃபிட்டர்கள் என்ன சொல்கிறார்கள் என்று எழுதுங்கள்.