கரி வெளுக்குமா? வாசகர் கேள்விகளுக்கு பதில்

சார்கோல் ஃபேஸ்வாஷ் தோலில் உள்ள நச்சை உறிஞ்சுமாமே?

எந்த நச்சு என்று விளம்பரக்காரரிடம் கேளுங்கள், பெயர் சொல்ல மாட்டார். விஷம் குடித்தவருக்கு ஆஸ்பத்திரியில் கரியை 50 கிராம் போலத் தண்ணீரில் கலக்கிக் கொடுப்பார்கள். அதுவும் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள், வயிற்றில் இருப்பதைப் பிடிக்கத்தான். ஃபேஸ்வாஷில் இருப்பது சிட்டிகைக் கரி. ட்யூபுக்குள்ளேயே நுரைப்பொருளும் வாசனையும் ஒட்டி அதன் துளைகள் பெரும்பாலும் அடைந்துவிடுகின்றன. முகத்தைச் சுத்தம் செய்வது நுரை. கரி நிறம் கொடுக்கிறது.

எண்ணெய் வழியும் முகத்துக்கு சார்கோல் மாஸ்க்?

கழுவி எடுக்கும் வகையென்றால் வாரம் ஒரு முறை போடலாம். எண்ணெயை இழுப்பது பெரும்பாலும் அதிலுள்ள களிமண்.

மூன்று மாதமாக சார்கோல் பேஸ்ட், ஹார்ட் பிரஷ். முதலில் பல் வெளுத்தது; இப்போது ஈறோரம் மஞ்சள், ஐஸ் தண்ணீர் கூசுகிறது. வேறு பிராண்ட் சொல்லுங்கள்.

பிராண்டா? முதலில் பேஸ்டையும் பிரஷ்ஷையும் நிறுத்துங்கள். முதலில் வெளுத்ததாகத் தெரிந்தது டீக்கறை போனதால். கரி மேல்கறையைத் தேய்த்து எடுக்கும், அவ்வளவுதான். பல்லின் உள்நிறத்தை மாற்ற பெராக்சைடு வேண்டும். கரிக்கு அந்த வேலை தெரியாது. ஈறோரத்தில் எனாமல் மெலிசு. ஈறு இறங்கியிருந்தால் வேரில் எனாமலே இல்லை, பல்லின் உள்ளடுக்கான மஞ்சள் டென்டின்தான். அங்கே தேய்த்தால் கூசத்தான் செய்யும். பழி கரிக்கு மட்டுமல்ல, பிரஷ்ஷுக்கும் பங்கு உண்டு. தேய்ந்த எனாமல் திரும்ப வளராது.

உடனே ‘தாத்தா உமிக்கரியில்தானே தேய்த்தார்’ என்று நாலு கடிதம் வரும். உமிக்கரியில் சிலிக்கா நிறைய, நன்றாகவே அராவும். விரலால் தேய்த்ததால் கொஞ்சம் தப்பித்தார்கள். அப்படியும் ஈறோரம் ஆப்பு வெட்டினாற்போல் பள்ளம் விழுந்த பற்களைப் பார்த்தவர்கள் இந்தப் பேச்சை எடுக்க மாட்டார்கள்.

எனக்கு அதைவிடக் கோபம், சொத்தையைத் தடுக்கும் ஃப்ளோரைடு விஷயத்தில். பல கரி பேஸ்ட்களில் அது இல்லவே இல்லை. 2017-ல் அமெரிக்க பல் மருத்துவ சங்க இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பும், இவற்றின் பலனுக்கோ பாதுகாப்புக்கோ போதிய ஆதாரமில்லை என்றே முடித்தது. ட்யூபைத் திருப்பிப் படியுங்கள்: சோடியம் ஃப்ளோரைடு அல்லது சோடியம் மோனோஃப்ளோரோஃபாஸ்பேட், 1000 பிபிஎம் அளவில் இருக்க வேண்டும். சாஃப்ட் பிரஷ், கூச்சத்துக்கான பேஸ்ட், பிறகு பல் டாக்டர். வெள்ளை ஃபில்லிங் இருந்தால் அவரிடம் கரி தேய்த்ததைச் சொல்லிவிடுங்கள். ஓரங்களில் கரி தங்கிக் கறுப்புக் கோடு விழும், அது சொத்தை போலவே தெரியும்.

பீல்-ஆஃப் மாஸ்கில் கறுப்புப் புள்ளிகள் ஒட்டி வருகின்றனவே, கரி வேலை செய்கிறதுதானே?

வேலை செய்வது பசை. ட்யூபைத் திருப்பினால் ‘பாலிவினைல் ஆல்கஹால்’ என்று இருக்கும். வருவது பெரும்பாலும் துளையில் இயல்பாக இருக்கும் எண்ணெய்த் திரி, பூனைமுடி, கொஞ்சம் மேல்தோல். ஒரு மாதத்துக்குள் திரி மறுபடி நிரம்பும். அடாபலீன், ட்ரெட்டினாயின் போடுகிறவர்கள் தொடவே வேண்டாம், தோல் உரிந்து வந்துவிடும்.

அடுப்புக்கரியில் பசை கலந்து வீட்டிலேயே…

கூடாது. காகிதம் ஒட்டும் பசை முகத்துக்கானதல்ல. ஏற்கெனவே பூசிவிட்டீர்கள் என்றால் இழுக்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துத் துடையுங்கள்.