கொத்து பரோட்டாவுக்குக் கணக்கு போடுவது எப்படி?

கேள்வி: எனக்கு 46 வயது, மதுரை. சாப்பாட்டுக்கு முன் மாவுச்சத்தைக் கணக்குப் பார்த்து இன்சுலின் போட்டுக்கொள்கிறேன் டாக்டர். இட்லி, தோசைக்குக் கணக்கு பழகிவிட்டது. வாரம் ஒரு நாள் ரோட்டுக் கடையில் முட்டை கொத்து சாப்பிடுவேன். எல்லாம் கொத்திக் கலந்து கிடப்பதால் என்ன அளவு என்றே பிடிபடவில்லை. இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் சர்க்கரை சரியாக இருக்கிறது, விடியற்காலையில் 250 காட்டுகிறது. எங்கே தவறு?

பதில்: கொத்துவதற்கு முன்பே எண்ணிவிடுங்கள். கல்லில் மாஸ்டர் எத்தனை பரோட்டாவைப் பிய்த்துப் போடுகிறார் என்பதுதான் உங்கள் இன்சுலினுக்கு வேண்டிய எண். முட்டையில் மாவுச்சத்து இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். எண்ணெயில் துளியும் கிடையாது. வெங்காயமும் சால்னாவும் சேர்ந்து பத்து கிராமைத் தாண்டுவது அரிது. மற்றதெல்லாம் மைதாதான்.

ஒரு பரோட்டா எவ்வளவு என்பது கடைக்குக் கடை மாறும். அதனால் ஒரு நாள் அதே கடையில் வெறும் பரோட்டா இரண்டைப் பார்சல் வாங்கி, வீட்டுத் தராசில் நிறுத்துப் பாருங்கள். கல்லில் சுட்ட பரோட்டா ஒன்று 80 கிராம் இருந்தால், அதில் சுமார் 50 கிராம் மைதா, 10 கிராம் எண்ணெய், மிச்சம் தண்ணீர். 50 கிராம் மைதாவில் ஏறக்குறைய 37 கிராம் மாவுச்சத்து. அதாவது பரோட்டாவின் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவு. விருதுநகர் பக்கம்போல எண்ணெயில் பொரித்த பரோட்டாவுக்கு இந்த விகிதம் பொருந்தாது. அதில் தண்ணீர் குறைவு, எண்ணெய் அதிகம்.

இனி ஒரு பிளேட்டைப் பார்ப்போம். 80 கிராம் பரோட்டா இரண்டு, முட்டை ஒன்று, ஒரு கைப்பிடி வெங்காயம், கொத்தும்போது ஒரு கரண்டியும் மேலே ஒரு கரண்டியும் சால்னா. மாவுச்சத்து: பரோட்டாவில் 74, மற்றதில் 8 அல்லது 9, ஆக 83 கிராம் அளவில் வரும். சில கடைகளில் ஒரு பிளேட்டுக்கு மூன்று பரோட்டா போடுவார்கள். அப்போது அது 120 ஆகிவிடும். இரண்டா மூன்றா என்று பார்க்காமல் விட்டால் 37 கிராம் பிசகும். எண்ணிக்கை தெரியாத அளவுக்கு உடைந்த துண்டுகளை அள்ளிப் போடும் கடையில், எத்தனை என்று மாஸ்டரிடமே கேளுங்கள். தயங்காமல் சொல்வார்.

கலோரிக் கணக்கு வேறு. பரோட்டா இரண்டும் 530, முட்டை 70, வெங்காயம் 20, சால்னா இரண்டு கரண்டி சுமார் 110. கல்லில் ஊற்றும் எண்ணெய் 20 கிராம் என்றால் 180. மொத்தம் 910. இதில் பெரிதாக ஏமாற்றுவது எண்ணெய்தான். முதலில் வெங்காயத்துக்கு ஒரு தரம், முட்டை உடைக்கும்போது ஒரு தரம், ஒட்டாமல் கொத்த இன்னொரு தரம் என்று ஊற்றுவார்கள். கடைசியில் அது 40 கிராம் ஆகியிருந்தால் இன்னும் 180 கலோரி கூடும். பரோட்டாவின் அடுக்குகள் எண்ணெயை உறிஞ்சிவிடுவதால் இலையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இலை காய்ந்து கிடந்தாலும் எண்ணெய் உள்ளே போயிருக்கலாம். சால்னாவிலும் அப்படித்தான்: மேலே மிதக்கும் சிவப்பு எண்ணெயோடு மொண்டு ஊற்றினால் ஒரு கரண்டியின் கணக்கே மாறிவிடும். ஆகவே கலோரியை 900 முதல் 1,100 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் துல்லியம் பார்க்க வேண்டாம்.

உங்கள் விடியற்கால 250-க்கும் பெரும்பாலும் இந்த எண்ணெய்தான் காரணமாக இருக்கும். கொழுப்பு அதிகமான சாப்பாடு வயிற்றிலிருந்து மெதுவாகத்தான் இறங்கும். மைதாவின் சர்க்கரை இரத்தத்துக்கு வந்து சேர நேரமாகும். வேகமாக வேலை செய்யும் இன்சுலின் அதற்குள் தன் வேலையை முடித்துவிடும். இரண்டு மணி நேரத்தில் நல்ல எண், ஐந்து மணி நேரத்தில் ஏற்றம் என்பது அதனால்தான்.

இதைப் பார்த்துவிட்டு முன்கூட்டியே போடும் அளவை நீங்களாகக் கூட்டிவிடாதீர்கள். முதல் இரண்டு மணி நேரத்தில் சர்க்கரை தாழ்ந்துபோகும், பிறகு அதே ஏற்றமும் வரும். கடையில் கூட்டம் இருக்கும்போது ஆர்டர் சொன்ன கையோடு ஊசி போடுவதும் ஆபத்து. பிளேட் கைக்கு வந்து, பரோட்டா எத்தனை என்று தெரிந்த பிறகு போடுங்கள். அடுத்த முறை சாப்பிடும் முன், இரண்டாம் மணி, நான்காம் மணி, ஆறாம் மணி என்று நான்கு தடவை பார்த்து எழுதி, பரோட்டா எண்ணிக்கையையும் பக்கத்தில் குறித்து, இரண்டு மூன்று வாரக் குறிப்போடு உங்கள் மருத்துவரிடம் போங்கள். ஊசியை இரண்டாகப் பிரித்துப் போடலாமா என்பதை அந்த எண்களைப் பார்த்து அவர் முடிவு செய்வார். இரவு பத்து மணிக்குச் சாப்பிடுவதை ஏழுக்கு மாற்றினால், நான்காம் மணி எண்ணைத் தூங்கப் போகும் முன்பே பார்த்துவிடலாம்.