நீண்ட பாதையே எளிது, ஆனால் குன்றைச் சுற்றிச் செல்லுங்கள்

“வரைபடத்தில் 620-லிருந்து 940 மீட்டர் உச்சிக்கு இரண்டு பாதைகள்: ஒன்று 2 செ.மீ., சம உயரக் கோடுகள் நெருக்கம். மற்றது 4 செ.மீ., நடுவே 810 என்று உயரம் குறித்த புள்ளி. எது எளிது?”

உங்கள் வரைபடம் 1:50,000 அளவு என்றால் 2 செ.மீ. என்பது 1 கி.மீ.; அதற்குள் 320 மீட்டர் ஏறுவது மிகச் செங்குத்து என்பதால், நான் நீண்ட பாதையையே தேர்ந்தெடுப்பேன்.

ஆனால் அந்த 810 ஒரு குன்றின் உச்சியாக இருக்கலாம். அதைத் தாண்டியதும் கோடுகள் 760 வரை இறங்கினால், இழந்த 50 மீட்டரை மீண்டும் ஏற வேண்டியிருப்பதால் மொத்த ஏற்றம் 370 ஆகிவிடும். ஆகவே 760 கோட்டை ஒட்டிக் குன்றைப் பக்கவாட்டில் சுற்றிச் செல்லுங்கள். அந்தச் சரிவில் கோடுகள் அகன்றிருக்கின்றனவா என்று மட்டும் முதலில் பாருங்கள். அடுத்தடுத்த கோடுகளுக்கிடையே உயர வித்தியாசம் 20 மீட்டர் எனில், 15 மீட்டர்ப் பாறைச் சுவர்கூட இரு கோடுகளுக்கிடையே தெரியாமல் மறைந்திருக்கலாம்.