சித்திக்காகக் கேட்ட பிரார்த்தனைக்கு

“திருவனந்தபுரத்தில் ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் எங்கள் சித்திக்காகப் பிரார்த்தியுங்கள்.”

அக்கா, எனக்கு இறைநம்பிக்கை இல்லாததால், பிரார்த்திக்கிறேன் என்று எழுதினால் உங்களிடம் பொய் சொன்னதாகிவிடும். ஆனால் சித்தி குணமடைய வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

கீமோவுக்குப் பின், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்தால் அவற்றைப் பலமுறை ஏற்ற வேண்டியிருக்கலாம். எடுத்து வைத்த தட்டணுக்கள் பொதுவாக 5 நாள்களே தாங்கும் என்பதால், செங்கோட்டையிலிருந்து உறவினர் அனைவரும் தட்டணு கொடுக்க ஒரே நாளில் திரண்டு போகாமல், ரத்த வங்கி கேட்கும் நாளுக்கு ஓரிருவராக ஆரியங்காவு வழியாகப் போய்வருவதே நல்லது. கொடுப்பவர் அதற்கு முந்தைய 3 நாள்களில் ஆஸ்பிரின் சாப்பிட்டிருக்கக் கூடாது. சித்தியின் ஈறில் ரத்தம் கசிந்தாலோ, தோலில் குண்டூசி முனையளவு சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ உடனே செவிலியரிடம் சொல்லுங்கள்.

தட்டணு கொடுப்பவர் பட்டியலில் என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் கோயிலுக்குப் போகும் நேரத்தில் பிள்ளைகளை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம்.